மாதிரிச் சோதனை பச்சை காட்டினால் தேர்வில் வென்றதாகாது

பெருங்குடி, கந்தன்சாவடி, துரைப்பாக்கம் பக்கம் ஐ.டி. வேலையில் இருப்பவர்களோடு பேசினால் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: "டாப்டல் மாதிரி தளங்களில் எப்படி நுழைவது?" கேட்பதில் தவறே இல்லை. கேட்டுவிட்டு அவர்கள் செய்வதைப் பார்க்கும்போதுதான் பொறுமை போகிறது. அழைப்பு மின்னஞ்சலைப் பாதி படித்துவிட்டுத் தேர்வுக்கான லிங்கைத் தட்டுகிறார்கள். அலுவலக லேப்டாப்பிலேயே தேர்வு எழுதுகிறார்கள். முன்பின் தெரியாத ஆள் அனுப்பிய நிரலைத் தங்கள் கணினியில் அப்படியே ஓட்டுகிறார்கள். "செக்யூரிட்டி டெபாசிட்" என்று யாரோ கேட்டால் ஜிபேயில் அனுப்பிவிடுகிறார்கள். எல்லாம் கைவிட்டுப் போன பிறகு, "இதற்கு எங்கே புகார் கொடுப்பது?" என்று வருகிறார்கள்.

இந்தத் தளங்கள் அப்வொர்க் போல யார் வேண்டுமானாலும் பதிவு செய்து வேலைக்கு ஏலம் கேட்கும் சந்தைகள் அல்ல. முதலில் அவர்களே உங்களைச் சோதிக்கிறார்கள். தேறியவர்களை மட்டும் வாடிக்கையாளரிடம் அறிமுகம் செய்கிறார்கள். 2010இல் தொடங்கிய டாப்டல், 2014இல் நைஜீரியாவின் லாகோஸில் தொடங்கிய ஆண்டெலா, 2018இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டூரிங் ஆகியவை இந்த வகை. டாப்டலில் முதலில் ஆங்கிலத்தில் ஒரு பேச்சு, அடுத்து நேரக் கட்டுப்பாடுள்ள திறன் தேர்வு, பிறகு நிபுணர் ஒருவர் முன் நேரலைச் சுற்று, கடைசியில் மாதிரித் திட்டம் என்று வரிசையாகப் போகும். அவர்களே வெளியிட்ட கணக்குப்படி, விண்ணப்பிக்கும் நூறு பேரில் முதல் பேச்சைத் தாண்டுகிறவர்கள் ஏறத்தாழ 26 பேர். திறன் தேர்வுக்குப் பிறகு மிஞ்சுகிறவர்கள் 7 பேர். கடைசியில் 3 பேர். அதாவது, பெரும்பாலோர் ஒரு வரி நிரல்கூட எழுதாமலேயே வெளியேறுகிறார்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தவறுகிறது, அதை எப்படித் தவிர்ப்பது, ஏமாந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பெருங்குடியிலிருந்து அதிகம் பேர் எழுதுவது மென்பொருள் தேர்வுதான் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

தேர்வுக்கு முன்: மூன்று வேலைகள்

முதல் வேலை, சொந்தக் கணினி. அலுவலக லேப்டாப்பில் இந்தத் தேர்வை எழுதவே கூடாது. அதில் உங்கள் நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருள் இருக்கும். தேர்வுத் தளமோ திரையையும் கேமராவையும் கேட்கும். இரண்டும் மோதினால் தேர்வு பாதியில் நிற்கும், அல்லது நீங்கள் வெளியே வேலை தேடுவது அலுவலகத்துக்குத் தெரியும். 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகச் சொல்லி 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி வெளிப்படையாகவே அறிவித்தார். வேலையை விடாமல் விண்ணப்பிக்கிறவர்கள், நியமனக் கடிதத்தில் வேறு வேலை பற்றிய பிரிவு என்ன சொல்கிறது என்று முதலில் எடுத்துப் படியுங்கள். முன் அனுமதி வேண்டும் என்றிருந்தால், வாடிக்கையாளரை ஏற்கும் முன் அந்த அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தேர்வு எழுதுவது வேறு, வேலையை ஏற்பது வேறு. இரண்டாவது கட்டத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது வேலை, மின்சாரமும் இணையமும். நம் பகுதியில் பராமரிப்புக்கான மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் வரை நீளும். எந்தெந்தத் தெரு என்பது முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அதைப் பார்க்காமல் காலை பத்து மணிக்குத் தேர்வை வைத்துக்கொண்டு, நடுவில் கரண்ட் போனதும் ஈபி ஆபீஸைத் திட்டுவதில் பயன் இல்லை. சந்தேகம் இருந்தால் மின்னகம் எண் 94987 94987இல் கேட்டுவிடுங்கள். வைஃபை ரூட்டருக்குச் சின்ன யு.பி.எஸ்., மாற்றுக்கு வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டா, இரண்டும் தயாராக இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்குடி, பள்ளிக்கரணை, வேளச்சேரி வட்டாரமே நாள்கணக்கில் தண்ணீரிலும் இருட்டிலும் கிடந்தது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே தேதி மாற்றக் கேட்டு எழுதுங்கள். தேர்வு நேரம் முடிந்த பிறகு எழுதும் மின்னஞ்சலைக் காரணமாக யாரும் ஏற்பதில்லை. முன்பே எழுதியதைப் பெரும்பாலும் ஏற்கிறார்கள்.

மூன்றாவது வேலை, கடிகாரம். அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி பின்னே வைக்கிறார்கள். நாம் மாற்றுவதில்லை. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது அங்கே கோடைக் கணக்கு ஓடும்போது நமக்கு மாலை 6.30, குளிர்காலக் கணக்கில் மாலை 7.30. இந்த ஒரு மணி நேரத்தில் நேர்காணலைத் தவறவிட்டவர்கள் உண்டு. அழைப்பில் வந்த நேரத்தை இந்திய நேரத்தில் எழுதி, "இதுதானே?" என்று பதில் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு வரிப் பதில் போதும்.

கோடிங் தேர்வில் எங்கே விழுகிறார்கள்

நேரக் கட்டுப்பாடுள்ள தேர்வில் கணக்கைப் படித்து நிரல் எழுதி ஓட்டுவீர்கள். கேள்வியோடு வந்த ஒன்றிரண்டு மாதிரி உள்ளீடுகளுக்குச் சரியான விடை வந்தால் பச்சை காட்டும். உடனே அடுத்த கேள்விக்குத் தாவுகிறார்கள். தவறு அங்கேதான். மதிப்பெண் போடுவது நீங்கள் பார்க்காத மறைவுச் சோதனைகள். அவை இரண்டு விஷயங்களைப் பார்க்கின்றன: எல்லா வகை உள்ளீட்டுக்கும் விடை சரியாக வருகிறதா, பெரிய உள்ளீட்டிலும் நேரத்துக்குள் முடிகிறதா. கோடிலிட்டி போன்ற தளங்கள் இவை இரண்டுக்கும் தனித்தனியாக மதிப்பெண் காட்டுகின்றன.

ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். முழு எண்களின் பட்டியல் `A`; ஓர் எண் `K`. பட்டியலின் வெவ்வேறு இடங்களில் உள்ள இரண்டு எண்களைக் கூட்டினால் `K` வரும் இணைகள் எத்தனை? மாதிரி: `A = [1, 3, 3, 5]`, `K = 6`. விடை 2. (1, 5) ஓர் இணை, (3, 3) ஓர் இணை. பட்டியலில் 1,00,000 எண்கள் வரை இருக்கலாம் என்று கேள்வியின் கடைசி வரி சொல்கிறது.

பெரும்பாலோர் இரண்டு சுழல்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு ஒவ்வொரு இணையையும் சரிபார்ப்பார்கள். மாதிரிக்குச் சரியாக 2 வரும், பச்சை காட்டும். ஆனால் ஒரு லட்சம் எண்கள் என்றால் இணைகள் ஏறத்தாழ 500 கோடி. பைத்தான் ஒரு விநாடிக்கு ஒரு கோடி எளிய வேலைகளைச் செய்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 500 விநாடி, அதாவது எட்டு நிமிடத்துக்கு மேல். தேர்வுத் தளம் சில விநாடிதான் காத்திருக்கும். வேகத்துக்கான மதிப்பெண் மொத்தமாகப் போய்விடும்.

கொஞ்சம் தெரிந்தவர்கள், பார்த்த எண்களை ஒரு `set`இல் போட்டுக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு எண் வரும்போதும் அதற்குச் சேர வேண்டிய எண் அதில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒன்று கூட்டுவார்கள். இது வேகமாக ஓடும். மாதிரிக்கும் 2 என்றே விடை வரும். ஆனால் `[3, 3, 3]`, `K = 6` கொடுத்துப் பாருங்கள். முதல் மூன்றையும் இரண்டாவதையும் சேர்த்தால் ஒன்று, முதலும் மூன்றாவதும் ஒன்று, இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்று; சரியான விடை 3. `set` முறை 2 என்று சொல்லும், ஏனென்றால் ஓர் எண் இருக்கிறது என்பதை மட்டுமே அது நினைவில் வைக்கிறது. எத்தனை முறை வந்தது என்பதை வைப்பதில்லை. மாதிரியில் பச்சை காட்டிய நிரல் மறைவுச் சோதனையில் விழுவது இப்படித்தான்.

சரியான தீர்வு, எண்ணிக்கையையும் சேர்த்து வைப்பது:

```python
def solution(A, K):
    seen = {}
    count = 0
    for x in A:
        count += seen.get(K - x, 0)
        seen[x] = seen.get(x, 0) + 1
    return count
```

இது பட்டியலை ஒரே முறைதான் கடக்கிறது. ஒரு லட்சம் எண்களுக்கும் ஒரு விநாடிக்குள் முடியும்.

இதிலிருந்து பயிற்சி முறை ஒன்று கிடைக்கிறது. கேள்வியைப் படித்ததும் நிரலில் கைவைக்காதீர்கள். முதலில் கடைசி வரியில் உள்ள அளவைப் பாருங்கள். ஒரு லட்சம் என்றால் இரட்டைச் சுழல் உதவாது. சில நூறு என்றால் அதுவே போதும், வீணாக மூளையைக் கசக்க வேண்டாம். அடுத்து, மாதிரியைத் தவிர நீங்களே நான்கு உள்ளீடுகளை எழுதுங்கள்: வெற்றுப் பட்டியல், ஒரே ஓர் எண், எல்லாம் ஒரே எண், எதிர்ம எண்கள் கலந்தது. இவற்றுக்கான விடையைக் கையால் கணக்கிட்டு வைத்துக்கொண்டு பிறகு நிரலை ஓட்டுங்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போதும் மறைவுச் சோதனை இருக்கும் கணக்குகளையே எடுத்து, மொபைலில் நேரம் வைத்துச் செய்யுங்கள். நேரம் பார்க்காமல் செய்யும் பயிற்சி இந்தத் தேர்வுக்கு உதவாது. மறுபடியும் சொல்கிறேன்: பச்சை வந்தது என்பதற்காக அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.

வேறு ஆளை உட்கார வைத்துத் தேர்வு எழுதுவது, தேறிய கணக்கை விலைக்கு வாங்குவது, தன் பெயரிலுள்ள கணக்கை மாத வாடகைக்கு விடுவது ஆகியவையும் காதில் விழுகின்றன. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாடகைக்கு விட்ட கணக்கில் வேறொருவர் மோசடி செய்தால், போலீஸ் முதலில் தேடி வருவது பான் எண்ணும் வங்கிக் கணக்கும் கொடுத்த உங்களைத்தான்.

நேரலைச் சுற்று: பேசாமல் எழுதினால் பயன் இல்லை

எதிரே உட்கார்ந்திருப்பவர் விடையை மட்டும் பார்ப்பதில்லை. நாளை ஒரு வாடிக்கையாளர் இதே இடத்தில் உட்கார்ந்தால் நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று பார்க்கிறார். நம் ஆட்கள் பலர் கேள்வியைக் கேட்டதும் தலையைக் குனிந்து பத்து நிமிடம் மௌனமாகத் தட்டுகிறார்கள். விடை சரியாக வந்தாலும் இது குறைதான்.

மேலே சொன்ன கணக்கையே நேரலையில் கேட்டால் இப்படிப் போக வேண்டும். முதலில் கேள்விகள்: எண்கள் திரும்ப வருமா? எதிர்ம எண் உண்டா? அதிகபட்சம் எத்தனை எண்கள்? பிறகு, "இரட்டைச் சுழலில் செய்யலாம், ஆனால் இந்த அளவுக்கு மெதுவாகிவிடும், அதனால் எண்ணிக்கையை அகராதியில் வைத்து ஒரே சுற்றில் செய்கிறேன்" என்று முடிவைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் `[3, 3, 3]`ஐ நீங்களே எடுத்து, ஒவ்வொரு வரியிலும் `seen` எப்படி மாறுகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தெரியாததைக் கேட்டால், "இது எனக்குத் தெரியாது, இப்படித் தேடுவேன்" என்று சொல்லலாம். தெரிந்த மாதிரி மழுப்பினால் அனுபவப்பட்டவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பழைய வேலையைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. அலுவலகத்தில் எழுதிய நிரலைத் திரையில் திறந்து காட்டாதீர்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலையின் பகுதியாக எழுதியதன் முதல் உரிமையாளர் உங்கள் நிறுவனம். என்ன பிரச்சினை, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் எவ்வளவு வேகம் கூடியது என்று வாயால் சொல்லுங்கள். காட்டுவதற்கு வேண்டுமானால் சொந்தமாக ஒரு சிறு திட்டம் செய்து வையுங்கள்.

மாதிரித் திட்டம்: வேலை தொடங்கும் முன் நான்கு கேள்விகள்

சில தளங்களில் கடைசிக் கட்டத்தில் ஒன்று முதல் மூன்று வாரத்தில் முடிக்க வேண்டிய மாதிரித் திட்டம் தருவார்கள். தளமே எல்லோருக்கும் பொதுவாகத் தரும் கற்பனைத் திட்டம் என்றால் அது தேர்வு. ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளரின் உண்மையான இணையதளத்தில், அவருடைய உண்மையான பிழையைத் திருத்தச் சொன்னால் அது வேலை. வேலைக்குக் கூலி உண்டு. இந்த வேறுபாட்டைக் கேட்கத் தயங்கிக்கொண்டு வாரக்கணக்கில் இலவசமாக உழைத்துவிட்டு, பிறகு பதிலே வரவில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்க்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு மின்னஞ்சலில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தத் திட்டம் மதிப்பீட்டுக்கு மட்டும்தானா, வாடிக்கையாளர் பயன்படுத்துவாரா? எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கிறீர்கள், பணம் உண்டா? எழுதிய நிரலின் உரிமை யாருக்கு? எந்த அளவுகோலில் மதிப்பிடுவீர்கள்? ஒழுங்கான தளம் இந்த நான்குக்கும் பதில் சொல்லும். பதில் சொல்லாமல் அவசரப்படுத்துகிறவரை விட்டு விலகுவது உங்களுக்கு நஷ்டமல்ல.

மூன்றாவது கேள்விக்கு நம் சட்டம் துணை நிற்கிறது. நீங்கள் ஊழியர் இல்லை. எனவே நிரலின் பதிப்புரிமை முதலில் உங்களுடையது. அதை வேறொருவருக்கு மாற்ற வேண்டுமானால் எழுத்தில், உங்கள் கையொப்பத்தோடு ஆவணம் வேண்டும் என்று பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: பதிவு செய்யும்போது நீங்கள் படிக்காமல் டிக் அடித்த நிபந்தனைகளில் உரிமை மாற்றமும் வெளிநாட்டுச் சட்டமும் எழுதப்பட்டிருக்கலாம். வெளிநாட்டு வாடிக்கையாளர் மீது இங்கே வழக்குப் போட்டு ஜெயிப்பது நடைமுறையில் கடினம். அதனால் முன்கூட்டியே கேட்கும் அந்த மின்னஞ்சல்தான் உங்கள் உண்மையான பாதுகாப்பு. நிபந்தனைப் பக்கத்தையும் பதிவு செய்த அன்றே பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். பிறகு அது மாறலாம்.

யாரோ அனுப்பிய நிரலை ஓட்டாதீர்கள்

நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். ஆள் எடுப்பவர் போல லிங்க்ட்இன்னில் பேசி, "இந்த கிட்ஹப் திட்டத்தை இறக்கி ஓட்டிப் பாருங்கள், ஒரு பிழை இருக்கிறது, திருத்துங்கள்" என்பார்கள். அந்தத் திட்டத்துக்குள் தீங்கு நிரல் ஒளிந்திருக்கும். வட கொரியத் தொடர்புள்ள ஒரு குழு இப்படி வேலை தேடும் நிரலாளர்களைக் குறிவைப்பதை பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 பிரிவு 2023 நவம்பரில் வெளியிட்டது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் கிரிப்டோ பணப்பைகளும் அவர்களின் இலக்கு.

ஜாவாஸ்கிரிப்ட் திட்டம் என்றால் `npm install` கொடுத்த உடனேயே வேறு நிரல்கள் தானாக ஓட முடியும். அதனால் முதலில் `package.json` கோப்பைத் திறந்து `scripts` பகுதியில் `preinstall`, `postinstall` ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவும்போது இப்படிக் கொடுங்கள்:

```
npm install --ignore-scripts
```

இது நிறுவும் நேரத்து ஆபத்தை மட்டுமே தடுக்கும். பிறகு `npm start` கொடுத்தால் உள்ளே இருக்கும் எந்த நிரலும் ஓடும். ஆகவே, முகம் தெரியாதவர் அனுப்பிய திட்டத்தை உங்கள் சொந்தக் கணினியில் ஓட்டவே வேண்டாம். மெய்நிகர் கணினி ஒன்றிலோ கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் போன்ற இடத்திலோ ஓட்டுங்கள். விஎஸ் கோட் ஒரு கோப்புறையைத் திறக்கும்போது, எழுதியவரை நம்புகிறீர்களா என்று கேட்கும். அங்கே பழக்கதோஷத்தில் "ஆம்" என்று அழுத்தாதீர்கள். `.vscode/tasks.json` வழியாகவும் நிரலைத் தானாக ஓடவிட முடியும்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறு ஒரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி, கிட்ஹப் கடவுச்சொற்களை மாற்றுங்கள்; திறந்திருக்கும் எல்லா உள்நுழைவுகளையும் வெளியேற்றுங்கள்; கிட்ஹப் டோக்கன்களையும் எஸ்எஸ்எச் சாவிகளையும் ரத்து செய்யுங்கள். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு `incident@cert-in.org.in` முகவரியில் எழுதுங்கள். அலுவலகக் கணினியில் ஓட்டியிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி நிறுவனங்கள் இத்தகைய சம்பவங்களைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் மீதே வந்து விழும்.

பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்

இந்தத் தளங்களுக்கு வருமானம் வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. தேர்வுக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம், திருப்பித் தரும் டெபாசிட், கட்டாயப் பயிற்சி என்று எந்தப் பெயரில் உங்களிடம் பணம் கேட்டாலும் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டெலிகிராமுக்கு வரச் சொல்வதும் அதே ரகம். அழைப்பு உண்மையா என்று பார்க்க, மின்னஞ்சலில் உள்ள லிங்கைத் தட்டாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய் உங்கள் கணக்கில் அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடையாளச் சான்றுக்குப் பாஸ்போர்ட்டை ஏற்றால் அதைக் கொடுங்கள். ஆதார்தான் வேண்டும் என்றால், ஆதார் ஆணையத் தளத்தில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக் கொடுங்கள்.

பணம் போய்விட்டதா? முதலில் 1930ஐ அழையுங்கள். அதே நிமிடம். தூங்கி எழுந்து நாளைக்கு அல்ல. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் அதை வங்கி முடக்கியாக வேண்டும். நேரம் போகப் போகத் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறையும். அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் வங்கிக் கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, தேதி, நேரம், பணம் போன யுபிஐ முகவரி அல்லது கணக்கு எண். அதன்பின் `cybercrime.gov.in` தளத்தில் முழுப் புகாரையும் பதிந்து, கிடைக்கும் ஒப்புகை எண்ணைக் குறித்து வையுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். மின்னஞ்சலைப் படமாக மட்டும் எடுக்காமல் முழுத் தலைப்புத் தகவலோடு சேமியுங்கள்.

காவல் நிலையத்துக்குப் போனால், "இது எங்கள் லிமிட் இல்லை, அங்கே போங்கள்" என்று சொல்லி அலைக்கழிப்பது இன்னும் நடக்கிறது. எந்தப் பகுதியில் நடந்த குற்றமானாலும் புகாரைப் பெற வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். புகாரை இரண்டு பிரதிகளாக எழுதிக்கொண்டு போங்கள். வழக்கை உடனே பதியாவிட்டால், சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். மறுத்தால், அதே பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி புகாரை எழுத்தில் அஞ்சல் வழியாகக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். சென்னையில் அந்த இடத்தில் இருப்பவர் துணை ஆணையர். பதிவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நிலையத்தில் ஒருவர் முகம் சுளித்தார் என்பதற்காகப் புகாரையே கைவிட்டுவிட்டு வருகிறவர்கள்தான் இந்த மோசடிக்காரர்களுக்குப் பெரிய துணை.

தேர்வில் தோற்றால் மறுபடி விண்ணப்பிக்க எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பது தளத்துக்குத் தளம் மாறும். அதுவும் நிபந்தனையில் இருக்கும், அல்லது தோல்வி மின்னஞ்சலில் இருக்கும். அந்த மின்னஞ்சலை அழித்துவிடாமல், எந்தக் கேள்வியில் எங்கே நின்றீர்கள் என்பதையும் அதே நாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். ஒரே கோப்புறை போதும்: அழைப்பு, நிபந்தனைகளின் பி.டி.எஃப்., நான்கு கேள்விகளும் அவற்றின் பதிலும், தோல்வி அல்லது தேர்ச்சி மின்னஞ்சல். அழைப்பு வந்தவர்கள் லிங்கைத் தட்டுவதற்கு முன் இன்றைக்கே அந்தக் கோப்புறையைத் தொடங்குங்கள். பிறகு காவல் நிலையத்திலோ, அலுவலக மனிதவளத் துறையிலோ, வாடிக்கையாளரிடமோ உங்களுக்காகப் பேசப்போவது அதில் இருக்கும் காகிதம்தான்.